பிக் லிஸ்ட் சரி, பார்சல் தப்பு

"கிடங்கில் ஒரு வேவுக்கு, அதாவது ஒரே சுற்றில், 40 ஆர்டருக்கான பொருளைச் சேர்த்து எடுக்கிறோம். பிக் லிஸ்ட் மொத்தம் சரியாக இருக்கு, பேக்கிங்கும் முடிஞ்சதுன்னு காட்டுது. ஆனாலும் மீடியம் டி-ஷர்ட் கேட்டவருக்கு லார்ஜ் போகுது. ஏன்?"

ஆர்டர் பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்து பேக்கிங்கை முடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ஸ்கேன் செய்தால்தான் பார்சல் லேபிள் அச்சாக வேண்டும்.

தப்பு பெரும்பாலும் பிரிக்கும் மேசையில்தான் நடக்கிறது. பிக் லிஸ்ட் "கறுப்பு மீடியம் 7, கறுப்பு லார்ஜ் 5" என்று மொத்தமாகத்தான் சொல்லும். அந்த 12-ஐயும் ஆர்டர் வாரியாகப் பிரிக்கும்போது, மடித்த கவரில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கை மாறினாலும் மொத்தம் மாறாது. அதனால்தான் கணக்கு உதைக்கவில்லை.

இப்படிச் சோதியுங்கள்: புகார் வந்த ஆர்டரின் வேவ் எண்ணை எடுத்து, அதே வேவில் லார்ஜ் கேட்ட ஐந்து பேருக்கும் போன் போடுங்கள். யாருக்காவது மீடியம் போயிருந்தால் பிரிக்கும் இடத்தில்தான் மாறியிருக்கிறது. ஐவருக்கும் சரியாகப் போயிருந்தால் ரேக்கைப் போய்ப் பாருங்கள். மீடியம் பெட்டியில் லார்ஜ் கலந்திருக்கும். ரிட்டர்ன் வந்த சரக்கை அவசரமாகத் திருப்பி வைக்கும் இடங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கவனம்: ஸ்கேன் படிப்பது ஸ்டிக்கரைத்தான், துணியை அல்ல. சப்ளையரே ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருந்தால் இந்த வழியும் பிடிக்காது. சரக்கு இறங்கும்போதே கட்டுக்கு ஒன்றைப் பிரித்து, காலர் லேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.