ரீசெட் பட்டனும் இலவம் பஞ்சும்

வணக்கமுங்க. ஆஸ்பத்திரில ஏசிக்கு தண்ணிய குளுர வைக்கற சில்லர் மெஷினப் பத்தி நீங்க எழுதுன கதைய மகன் போன்ல எடுத்துக் குடுத்தான், படிச்சேன். நான் பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் பாத்து ரிட்டயர் ஆனவன். ரெண்டு சந்தேகமுங்க. மெஷின் ட்ரிப் ஆயி நிக்குது, ஐசியூல ஆளுக இருக்காங்க, அந்தப் பையன் என்னடான்னா மொதல்ல லாபிக்குப் போயி வால்வ மூடறான், பொறவு வந்து சாவகாசமா உக்காந்து நோட்டப் பொரட்டறான். ரீசெட் பண்ணி ஓட்டிப் பாக்க மாட்டானா? கதைக்கு டென்ஷன் வேணும்னு இழுத்துட்டீங்களோன்னு தோணுச்சு. இன்னொன்னு, பம்புக்குப் போற தண்ணிய வடிகட்டற ஸ்ட்ரெய்னர அடைச்சது இலவம் பஞ்சுன்னு எழுதிருக்கீங்க. இலவம் பஞ்சு தண்ணில முங்குமுங்களா?

— ஒரு வாசகர், பல்லடம்

வணக்கமுங்கய்யா,

பஞ்சு விசயத்துல மாட்டிக்கிட்டேன், அத கடைசில சொல்றேன். மொதல்ல ரீசெட்.

கதைல ஒரே ஒரு வரி வரும், பையன் வர்றதுக்கு முன்னாடி ஆபரேட்டர் அண்ணன் ஒருக்கா அமுக்கிப் பாத்துட்டாருன்னு. அத நீங்க தாண்டிப் போயிட்டீங்க, தப்பு உங்க மேல இல்ல, நான்தான் அத ஒளிச்சு வச்ச மாதிரி எழுதிட்டேன், ஏன்னா அந்த ஆபரேட்டர் நான்தானுங்க. எழுத வர்றதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில நைட் ஷிப்ட் பிளான்ட் ரூம் பாத்துக்கிட்டு இருந்தேன். மே மாசம், ராத்திரி 11.40க்கு மெஷின் நின்னுச்சு, ஹை பிரஷர்னு பேனல்ல செகப்பு எரியுது. ரெண்டாவது சில்லர் ட்யூப் கிளீனிங்குக்கு கழட்டிக் கெடக்குது. எனக்கு கை பதறி ரீசெட்ட அமுக்கிட்டேன், மெஷின் ஸ்டார்ட் ஆச்சு, ரெண்டு நிமிஷம் கூட ஓடல, திரும்ப அதே ட்ரிப். அந்த மெஷின்ல ஒரு ஸ்டார்ட்டுக்கும் அடுத்த ஸ்டார்ட்டுக்கும் நடுவுல 20 நிமிஷம் ஆகணும்னு டைமர் உண்டு, அடிக்கடி ஸ்டார்ட் பண்ணா மோட்டார் வைண்டிங் சூடேறிப் போயிரும்னு. மொதல் தடவ நின்னப்ப அந்தக் கணக்கு இல்ல, மெஷின் காலைல இருந்து ஓடிட்டு இருந்துச்சுல்ல, காரணத்த சரி பண்ணிட்டு உடனே ஓட்டிருக்கலாம். நான் அமுக்கி அந்த ஒரு வாய்ப்ப தின்னுட்டேன். பையன் பீளமேட்டு ரூம்ல இருந்து பைக்ல வந்து சேர்றப்ப டைமர்ல இன்னும் 13 நிமிஷம் பாக்கி. அவன் வெட்டியா உக்காரலீங்க, உக்கார வச்சது நானு.

வந்தவன் என்னைத் திட்டல. "அண்ணா, சில்டு வாட்டர் பம்ப் ஓடுதுங்களா?"ன்னு கேட்டான், ஓடுதுன்னேன், "ஏஎச்யூ ஃபேன் ஒண்ணையும் நிறுத்தாதீங்க"ன்னுட்டு லாபிப்பக்கம் ஓடுனான். வால்வ மூடறது எதுக்குன்னு எனக்கும் அப்ப புரியல, பின்னாடி அவன் நோட்டு அட்டைல கணக்கு போட்டுக் காட்டுனான். பில்டிங் பூரா குழாய்ல சுத்தற தண்ணி அங்க ஒரு 12,000 லிட்டர். மெஷின் நின்னாலும் அந்தத் தண்ணி 7 டிகிரில ஜில்லுனு தான இருக்குது. அது 17 டிகிரிக்கு ஏற வரைக்கும் ஓரளவு குளுமை குடுக்கும், அந்தப் பத்து டிகிரிக்குள்ள இருக்கற குளிர்ச்சி ஏசிக்காரங்க பாஷைல சொன்னா சுமாரா 40 டன், ஒரு மணி நேரத்துக்கு. ராத்திரில பில்டிங் மொத்தமா இழுக்கறது 120 டன்னுன்னா 20 நிமிஷத்துல தீந்துரும். லாபி, ஓபி, ஆபீஸ், கேன்டீன் எல்லாத்தையும் மூடிட்டு ஐசியூவும் தியேட்டரும் மட்டும் விட்டா 60 டன்தான், அதே தண்ணி 40 நிமிஷம் வரும். யாருமே இல்லாத லாபில சோபாவ குளிர வச்சுக்கிட்டு இருக்கறதுக்கு 20 நிமிஷம் செலவாகுதுங்க, அதத்தான் அவன் போயி நிறுத்துனான். ஃபேன நிறுத்த வேண்டாம்னதுக்கும் காரணம் இருக்கு, தியேட்டருக்குள்ள காத்து அழுத்தம் வெளிய விட கூட இருக்கணும், அப்பத்தான் கதவு தொறந்தா வராண்டா காத்து உள்ள வராது. அந்த அழுத்தத்தக் குடுக்கறது ஃபேன். தண்ணி குளுந்திருக்கோ இல்லியோ ஃபேன் ஓடணும். அன்னைக்கு தியேட்டர்ல ஒரு எமர்ஜென்சி கேஸ் ஓடிட்டு இருந்துச்சு. தியேட்டர் டெம்பரேச்சர் 21ல இருந்து கூட்டி குறைச்சா 3 தான் போகணும்னு வச்சிருக்காங்க, ஆனா அதுக்கும் முன்னாடி ஈரப்பதம் ஏறும், காயில்ல ஓடற தண்ணி 13, 14 ஆனாலே காத்துல இருக்கற ஈரத்த புடிக்கறது குறைஞ்சு போயிரும். நம்ம வேலையே அதானேன்னு நீங்க சிரிப்பீங்க, உங்க மில்லுல ஈரத்த ஏத்தணும், எங்களுக்கு எறக்கணும்.

அப்பறம் நோட்டு. மெஷின் சூட்ட டவர் தண்ணிக்கு மாத்தி விடற கண்டென்சர்ல பிரஷர் ஏறுச்சுன்னா சூடு வெளிய போகலன்னு அர்த்தம், அதுக்கு பெரும்பாலும் மூணு எடத்துல ஒண்ணுலதான் கோளாறு இருக்கும். ஒண்ணு கூலிங் டவர், பெல்ட்டு அந்துருக்கும், ஃபேன் நின்னுருக்கும். ரெண்டு கண்டென்சர் ட்யூப்ல உப்பு, நம்மூரு போர் தண்ணிக்கு சொல்லவே வேண்டாம். மூணு தண்ணி பத்தலை. மூணுக்கும் பேனல்ல ஒரே அலாரம்தான் வரும். ஆனா மூணும் நோட்டுல வேற வேற மாதிரி தெரியும்ங்க. டவர் கெட்டிருந்தா அங்கிருந்து வர்ற தண்ணியே சூடா வரும். உப்புன்னா, வெளிய போற தண்ணிக்கும் கேஸ் திரவமாகற டெம்பரேச்சருக்கும் நடுவுல ரெண்டு மூணு டிகிரி இருக்க வேண்டிய வித்தியாசம் ஆறு ஏழுன்னு விரியும், அதுவும் மாசக் கணக்குல மெதுவா விரியும். தண்ணி பத்தலைன்னா உள்ள வர்றது ஒழுங்கா இருக்கும், வெளிய போறது மட்டும் எகிறும், கொஞ்சூண்டு தண்ணி அத்தன சூட்டையும் சொமக்கணும்ல.

நோட்டுல என் கையெழுத்துல என்ன இருந்துச்சுன்னா, 8 மணிக்கு உள்ள 28 வெளிய 33. 9 மணிக்கு 28, 35. 10 மணிக்கு 28, 38. 11 மணிக்கு 28, 43. ட்ரிப் ஆன நேரத்துக்கு பேனலே சேத்து வச்சிருந்தது 28, 53. மணிக்கொருக்கா நானேதான் எழுதிருக்கேன். பாத்து எழுதுனேன், எழுதுனதப் பாக்கல. பையன் அந்த அஞ்சு வரி மேல வெரல வச்சு கீழ எறக்கிக்கிட்டே வந்தான், 28 அசையவே இல்ல, அதனால டவர் நல்லாருக்கு. கேஸ் டெம்பரேச்சரும் வெளிய போற தண்ணி கூட ஒட்டியே ஏறிருக்கு, அதனால உப்பு இல்ல. அஞ்சு டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டிய எடத்துல 25, அப்படின்னா வர வேண்டிய தண்ணில அஞ்சுல ஒரு பங்குதான் வருது.

அதுக்குப் பொறவுதான் பம்ப்கிட்ட போனான். காது குடுத்துக் கேட்டா சோளம் பொரியற மாதிரி உள்ள படபடன்னு சத்தம், சக்ஷன் கேஜ் முள்ளு சைபருக்குக் கீழ போயி நடுங்கிக்கிட்டு இருக்குது. அந்த சத்தம் ஒரு மணி நேரமா எனக்குக் கேட்டுட்டுதான் இருந்திருக்கும். ஸ்டேண்ட்பை பம்ப் இருக்கேன்னு கேப்பீங்க, இருந்துச்சு, ஆனா காச மிச்சம் பண்றேன்னு ரெண்டு பம்புக்கும் சேத்து ஒரே ஸ்ட்ரெய்னர் போட்டிருந்தாங்க. பம்ப நிறுத்தி, ரெண்டு பக்கம் வால்வ அடைச்சு, தண்ணிய வடிச்சு, மூடில எட்டு போல்ட்டு, கூடைய வெளிய இழுத்தா கூடையே தெரியல, சாம்பல் நெறத்துல கம்பளி சுத்துன மாதிரி. கத்தி வச்சு கீறித்தான் உரிச்சோம். கழுவி மாட்டிட்டு, பம்ப் மூக்குல இருக்கற காத்து வால்வ தொறந்து தண்ணி மட்டும் வர்ற வரைக்கும் விட்டான், அத மறந்தா காத்து அடைச்சு பம்ப் சும்மா சுத்தும். டைமர் முடிஞ்சு ஏழெட்டு நிமிஷம் ஆயிருந்துச்சு, 12.10க்கு மெஷின் எடுத்துச்சு. அப்ப குழாய்த் தண்ணி 16.

ஆனா கதைல நான் விட்டது ஒண்ணு இருக்குங்க, இத நீங்க கேக்கல, ஆனா மில்லுல இருந்தவரு யோசிச்சிருப்பீங்க. தண்ணி அவ்வளவு குறைஞ்சா, தண்ணி ஓட்டத்தப் பாத்துக்கற ப்ளோ ஸ்விட்ச் முன்னாடியே மெஷின நிறுத்திருக்கணும்ல, ஹை பிரஷர் வரைக்கும் ஏன் போச்சு? ஏன்னா அந்த ஸ்விட்ச்ல துடுப்பு ஒடிஞ்சு சும்மா சும்மா ட்ரிப் குடுத்துச்சுன்னு எவனோ எப்பவோ பேனல்ல ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஒரு வயர லூப் அடிச்சு விட்டுருக்கான். பையன் அத அன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்துட்டான். பாத்துட்டு புடுங்கலீங்க. புடுங்குனா மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. நோட்டுல நேரம் போட்டு எழுதி கையெழுத்து வச்சான், என்னைய விடிய விடிய சக்ஷன் கேஜ் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார வச்சு 15 நிமிஷத்துக்கு ஒருக்கா ரீடிங் எழுதச் சொன்னான், அந்த ஸ்விட்ச் வேலைய நான் பாக்கணும்னு. ரெண்டு நாள்ல புது ஸ்விட்ச் வந்துச்சு. கதைல இத எழுதுனா ஹீரோ கொஞ்சம் அழுக்காயிருவானோன்னு விட்டுட்டேன், இப்ப யோசிச்சா அதுதான் அவன் அன்னைக்குப் பண்ணதுலயே கஷ்டமான வேலை.

இப்ப பஞ்சு. நீங்க சொல்றது சரி. இலவம் பஞ்சுல மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு, தண்ணி ஒட்டாது, ஒரு காலத்துல லைப் ஜாக்கெட்டுக்குள்ளயே அதத்தான் அடைச்சாங்க. டவர் தொட்டில மட்டம் ரொம்ப எறங்கி சுழி விழுந்தா மெதக்கறதையும் உள்ள இழுக்கும், ஆனா மட்டம் எறங்குச்சுன்னு நான் எங்கயும் எழுதல. நெசத்துல அடைச்சது மில்லு பஞ்சுதானுங்க, காம்பவுண்டு செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மில்லுல இருந்து பறந்து வர்றது. டவர் காத்த உறிஞ்சறப்ப சேந்து உள்ள போகும், நனைஞ்சா முங்கிரும், பாசியோட சேந்து பின்னிக்கும். மே மாசத்துல இலவங்காய் வெடிச்சு ராத்திரி வெளிச்சத்துல பறக்கறது அழகா இருக்கேன்னு மாத்தி எழுதுனேன். புஸ்தகமா வர்றப்ப மில்லு பஞ்சுன்னே போட்டர்றேன்.

உங்க பிளான்ட்ல பஞ்ச தண்ணிக்கு வர விடாம எப்படி புடிச்சீங்கன்னு நேரம் இருந்தா எழுதுங்க. நாங்க டவர சுத்தி கொசுவலை கட்டிப் பாத்தோம், பத்து நாள்ல அதுவே அடைச்சுப் போயி காத்து வர்லீங்க.