மூன்று பேர் எழுதினாலும் ஒரே கை எழுதின மாதிரி

கேள்வி: "அரசுத் துறைகளிலிருந்து வரும் அறிவிப்புகளை எளிமையாக்கி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். மூன்று பேர் எழுதுவதால் ஆளுக்கொரு மாதிரி இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?"

நீங்களும் மீனவர் சங்கக் குழு என்றே நினைத்துச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் எங்கள் குழுவில் இதே வேலைதான் செய்கிறோம். ஒரு பக்கத்தாள் போதும். அதில் இரண்டு பத்தி: எழுத வேண்டியது, எழுதக் கூடாதது.

சொற்களிலிருந்து தொடங்குங்கள், சண்டை அங்கேதான் வரும். காற்று பலமென்று, கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காத நாளில் எங்களில் ஒருவர் "மீன்பிடிக்கத் தடை" என்று போட்டுவிட்டார். அன்று முழுக்க எனக்குப் போன்: "தடைக்கால நிவாரணம் எப்ப வரும்?" அதன்பிறகு தாளில் எழுதினோம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கு மட்டும் "தடைக்காலம்"; மற்ற நாளில் "டோக்கன் கிடையாது"; வானிலை மையம் சொன்னால் "போக வேண்டாம்". வெறும் "படகு" கூடாது, விசைப்படகா நாட்டுப்படகா என்று சொல்ல வேண்டும். "மன்னார் வளைகுடா" அப்படியே இருக்கும், பக்கத்தில் "தென்கடல்" என்று சேர்ப்போம்.

எண்ணில் கை வைக்கவே கூடாது. "45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்" என்று வந்ததை ஒருவர் 55 என்றும் இன்னொருவர் 65 என்றும் சுருக்கினால், இரண்டும் வெவ்வேறு எச்சரிக்கை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். "நாளை" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஃபார்வர்டு ஆகிப் போய்ச் சேரும்போது அது வேறு நாள். கிழமையும் தேதியும்தான் எழுத வேண்டும்.

தொடக்கம் "வணக்கம்" மட்டும். எங்கள் கரையில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள். "மீனவ சகோதரர்களே" என்றும் போடுவதில்லை, பாசி எடுக்கப் போகும் பெண்களும் இதைத்தான் படிக்கிறார்கள். இறப்புச் செய்தியில் அந்த வணக்கமும் கிடையாது, நேரே விஷயம். முடிவில் சங்கத்தின் பெயர், செய்தி போட்ட நேரம், எந்தத் துறையிலிருந்து வந்தது என்பது. எழுதினவர் பெயர் வேண்டாம். பெயர் இருந்தால் கேள்வியெல்லாம் அந்த ஆளுக்கே போகும்.

"நாலு வரிக்கு இலக்கண விதியா?" என்று யாராவது கீழே கேட்பீர்கள். அழகுக்காக இல்லைங்க, தகவல் மாறாமல் போய்ச் சேரத்தான். அரசு வாசகத்தை மாற்றலாமா என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், மூல அறிவிப்பின் படத்தைக் கீழேயே இணைத்துவிடுகிறோம்.

இவ்வளவு செய்தும், காற்று எச்சரிக்கை போட்ட பத்தாவது நிமிஷத்தில் ரோஜாப் பூவோடு "இனிய காலை வணக்கம்" முப்பது பேர் போட்டு அதை மேலே தள்ளிவிடுகிறார்கள். அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் சொல்லிவிட்டேன்! தலைவருக்கே பூ அனுப்புகிற பழக்கம், எங்கே மாற்றுவார்?

தாளை அச்செடுத்து ஒட்டாதீர்கள். குழுவிலேயே பின் செய்து வையுங்கள், திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.