உழவரின் ஒரு நாள்: வரியைப் பார்த்து எழுத முடியாத வினா

"உழவரின் ஒரு நாள் என்று பத்தி எழுதி வினா வைத்தேன். பிள்ளைகள் வரியை அப்படியே பார்த்து எழுதிவிடுகிறார்கள்" என்கிறார் ஓர் ஆசிரியர்.

பத்தியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, அதுதான் கோளாறு. "ஏனெனில்", "ஆகையால்" வரும் இடங்களை எடுத்துவிட்டு, கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள்:

"இரவு முழுக்க மழை. விடிந்ததும் உழவர் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். நட்டு மூன்று நாளான நெல் நாற்றின் நுனி மட்டுமே நீருக்கு மேல் தெரிந்தது. வரப்பை வெட்டிவிட்டார். இலைகள் வெளியே தெரிந்ததும் வெட்டிய இடத்தை மண்ணால் அடைத்தார்."

வினா: வரப்பை ஏன் வெட்டினார்? பிறகு ஏன் அடைத்தார்?

முதல் விடைக்கு மழையையும் மூழ்கிய நாற்றையும் பிள்ளை தானே இணைக்க வேண்டும். இரண்டாவதற்குப் பத்தியில் வரியே கிடையாது. நாற்றுக்குக் கொஞ்சம் நீர் நிற்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். "அடைக்காவிட்டால் எல்லா நீரும் வடிந்துவிடும்" என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.