நிச்சயமான பெண்ணிடம் கேலியாகப் பேசலாமா?

கேள்வி: போன வாரம்தான் எங்களுக்கு நிச்சயமானது. தினமும் போனில் பேசுகிறோம். அவர் மனம் புண்படாமல் கிண்டல் செய்வது எப்படி?

பதில்: அவரே சொல்லிச் சிரித்த ஒன்றை மட்டும் தொடுங்கள், நிறம், உடல்வாகு, சம்பளம், பிறந்த வீடு ஆகியவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டதாக அவர் சொல்லிச் சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அப்படியானால் சமையல் என் பொறுப்பு, நீங்கள் வெந்நீர் மட்டும் வையுங்கள்” என்றால், அந்தக் கேலியில் உங்களுக்கும் ஒரு வேலை விழுகிறது, அவருக்கும் பதிலடி கொடுக்க இடம் இருக்கிறது. “அம்மா சமைக்கக் கற்றுத்தரவில்லையா?” என்றாலோ, அதே உப்பு அவருடைய தாயின் வளர்ப்பைக் குறை சொல்வதாக மாறிவிடுகிறது.

ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேலி செய்பவருக்குத் தன் நல்லெண்ணம் வெளிப்படையாகத் தெரிகிறது. கேட்பவருக்கு அது அந்த அளவு தெரிவதில்லை. பழகத் தொடங்கிய நாட்களில் இந்த இடைவெளி பெரிதாகவே இருக்கும் என்பது என் கருத்து. ஆகவே கிண்டலை வாட்ஸ்அப்பில் எழுதாமல், குரல் கேட்கும்படி பேசும்போது செய்யுங்கள்.

அவர் திருப்பிக் கிண்டல் செய்தால் ரசிக்கிறார் என்று கொள்ளலாம். வெறுமனே சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாலோ, பதில்கள் ஓரிரு சொற்களாகச் சுருங்கினாலோ, “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று சமாளிக்காமல், “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னியுங்கள்” என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள்.