‘ஆளோட கதைக்கணும்’: சட்பொட் ஒதுங்க வேண்டிய இடம் பற்றிக் கேள்வி பதில்

மருதமுனையில் கைத்தறிச் சாறி விற்பவர்: எங்கட வட்ஸ்அப்ல பொட் போட்டிருக்கம். காசு திருப்பிக் கேட்டா “மன்னிக்கவும், இதற்கு உதவ முடியாது” எண்டு சொல்லுது. அதோட ஆள் போயிடுறாங்க. வேற என்ன சொல்லப் பழக்கலாம்?

முடியாது என்று சொல்வதில் பிழையில்லை. காசைத் திருப்புவதைப் பொட் முடிவு செய்யவே கூடாது. ஆனால் முடியாது என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிடுகிறது. யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார், தான் இதுவரை சொன்னது எங்கே போனது என்ற மூன்றும் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு ஆள் 6,500 ரூபாய்ச் சாறிக்குத் தவறுதலாக இரண்டு தரம் வங்கியில் காசு போட்டுவிட்டு, இரவு 9 மணிக்கு இரண்டு சிலிப்பையும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் பதில் இது:

“இரண்டு தரம் போட்ட காசைப் பற்றி நான் முடிவு சொல்ல முடியாது. கடையில் கணக்குப் பார்ப்பவர்தான் பார்ப்பார். உங்கள் ஓடர் இலக்கமும் இரண்டு சிலிப்பும் அவருக்குப் போய்விட்டன; திரும்ப அனுப்பத் தேவையில்லை. நாளை காலை 11 மணிக்குள் இங்கேயே உங்களுக்கு எழுதுவார்.”

இதில் “காசு கட்டாயம் வரும்” என்று எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறுதலுக்காகச் சொல்லும் வாக்கும் வாக்குத்தான். எயர் கனடாவின் பொட், உறவினர் மரணத்துக்குப் போகும் பயணிக்கான சலுகையை டிக்கெட் எடுத்த பிறகும் 90 நாளுக்குள் கேட்கலாம் என்று ஒருவருக்குச் சொன்னது. கம்பனியின் விதி அப்படி இல்லை. பொட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பனி வாதாடியதை 2024 பெப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை; நட்டஈடு கட்ட வைத்தது. 11 மணி என்று எழுதினால் அந்த நேரத்துக்கு உண்மையாக ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதும் இதே கணக்குத்தான்.

கல்முனை, கணினி படிக்கும் மாணவர்: அண்ணா, கேள்வி எவ்வளவு நிச்சயமா விளங்கினது எண்டு பொட் போடுற நம்பிக்கைப் புள்ளி 0.7க்குக் கீழ போனா ஆளுக்கு மாத்து எண்டு வச்சாப் போதும்தானே?

பாதி சரி, தம்பி. விளங்காத கேள்வியைப் பிடிக்க அது உதவும். ஆனால் “காசு திரும்ப வேணும்” என்பது பொட்டுக்கு நன்றாகவே விளங்கும், புள்ளியும் உயரத்தான் வரும். ஆனாலும் அது ஆளிடம் போக வேண்டிய விஷயம். அதோடு, சரளமாக எழுதும் மொழி மாதிரியிடம் “எவ்வளவு நிச்சயம்?” என்று கேட்டால், பிழையாகச் சொல்லும்போதும் பெரிய எண்ணையே சொல்லிவிடும். அதனால் புள்ளியைக் கடைசியில் வையுங்கள்:

```
if asks_human or topic in HUMAN_ONLY:
    handover()
elif same_issue_failed >= 2:
    handover()
elif score < 0.7:
    ask_once()
```

`HUMAN_ONLY` என்பது காசு திருப்புவதுபோல ஆளிடம் மட்டுமே போக வேண்டிய விஷயங்களின் பட்டியல். முதல் வரிதான் உயிர். ஆள் வேண்டும் என்று கேட்டால் முதல் தரமே மாற்றுங்கள். “முதலில் நான் முயற்சிக்கட்டுமா” என்று இழுக்காதீர்கள். இதைப் பொட்டுக்குக் கொடுக்கும் அறிவுறுத்தலில் மட்டும் எழுதிவிட்டு நம்பி இருக்க வேண்டாம், நிரலிலேயே வையுங்கள். நம் பக்கத்தில் ஒருவர் `aaloda kathaikanum` என்று அடிப்பார், இன்னொருவர் தமிழில் எழுதுவார், சிங்களத்திலும் வரும், பலர் குரல் பதிவே அனுப்புவார்கள். பழைய அரட்டைகளில் ஆள் கேட்ட செய்திகளைப் பொறுக்கி எடுத்து ஓட்டிப் பாருங்கள். எது தப்பிப் போகிறது என்று அங்கே தெரியும். 0.7 என்ற எண்ணும் அப்படிப் பார்த்து மாற்ற வேண்டியதுதான்.

ஆரையம்பதி, இல்லத்தரசி: ஒரு கம்பனிட பொட்டோட அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். கடைசியா ஒரு ஆள் வந்து “உங்கள் பிரச்சினை என்ன?” எண்டு முதல்ல இருந்து கேட்டார். என்ட காசை எப்படி எடுக்கிறது?

அக்கா, உங்கள் காசுக்கு வழி அந்தக் கம்பனியிடம்தான் இருக்கிறது. அரட்டை முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள்.

மற்றவர்கள் அவருக்கு நடந்ததைப் பாருங்கள். அரட்டை ஆளிடம் வந்தது, விஷயம் வரவில்லை. வந்த ஆளுக்கு நீண்ட அரட்டையை வாசிக்க நேரமில்லை. சாறிக் கதையில் கணக்குப் பார்ப்பவரின் திரையில் மேலே இவ்வளவு போதும்:

ஓடர் 2217, 6,500 ரூபாய். சிலிப் இரண்டு வந்துள்ளது.
கேட்பது: “ஒரு காச திருப்பி அனுப்புங்க”
பொட் சொன்னது: காலை 11 மணிக்குள் எழுதுவார். வேறு வாக்கு இல்லை.
மிச்சம்: இரண்டு வரவும் வங்கிக் கணக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது.

ஓடர் இலக்கமும் தொகையும் தரவுத்தளத்திலிருந்து நேரே வரட்டும், வாடிக்கையாளர் சொன்னது அவர் அடித்தபடியே இருக்கட்டும். பொட்டைச் சுருக்கி எழுதச் சொன்னால், அது சில நேரம் நடக்காததையும் சேர்த்துவிடும். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். பொட் ஒன்று சொல்லி ஆள் வேறொன்று சொன்னால்தான் வாடிக்கையாளருக்குக் கோபம் வருகிறது.

அறுகம்பே, தங்குமிடம் நடத்துபவர்: சீசன்ல வெளிநாட்டு ஆக்கள் ராத்திரி 2 மணிக்கும் எழுதுறாங்க. அந்த நேரம் எங்களிட்ட ஆள் இல்ல. “இணைக்கிறோம், காத்திருங்கள்” எண்டு போடலாமா?

போடாதீர்கள். ஆள் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லி, வரும் நேரத்தைச் சொல்லுங்கள். நீங்கள் வட்ஸ்அப் பிஸ்னஸின் ஏபிஐ வழியாகப் பொட் ஓட்டினால் இன்னொரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணித்தியாலம் வரைதான் நீங்கள் விரும்பியபடி எழுதலாம். சனி இரவு வந்த கேள்விக்குத் திங்கள் காலை பதில் அடித்தால் போகாது. வட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிய மாதிரிச் செய்தி மட்டும்தான் போகும். “உங்கள் கேள்விக்குப் பதில் தயார், தொடரலாமா?” என்பதுபோல ஒன்றுக்கு இப்போதே அனுமதி எடுத்து வையுங்கள். அவர் பதில் போட்டதும் 24 மணித்தியாலம் மறுபடி தொடங்கும்.

அலையில் அடிபட்டது, விபத்து என்று வந்தால் நேரம் காலம் பார்க்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை உடனே கொடுத்து, உங்கள் கைபேசியையும் ஒலிக்க வைக்க வேண்டும். அறை இலக்கம், பெயர் என்று பொட் ஒன்றையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

ஏறாவூர், இணையக் கடை: எங்கட ஆள் கதைச்சிட்டிருக்கக்குள்ள பொட்டும் நடுவுல பதில் போடுது. நிறுத்தித்தான் வச்சிருக்கம்.

செய்தி வந்த நேரத்தில் மட்டும் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. பதிலை உருவாக்கப் பொட்டுக்குச் சில விநாடிகள் போகும். அதற்குள் உங்கள் ஆள் அரட்டையைக் கையில் எடுத்திருப்பார். இந்த அரட்டை இப்போது யாரிடம் என்பதை, பதிலை அனுப்புவதற்குச் சற்று முன் இன்னொரு தரம் பார்க்க வையுங்கள். ஆளிடம் இருந்தால் தயாரான பதிலை வீசிவிட வேண்டும்.

அதே ஏறாவூர்க்காரர்: சரி. திரும்பப் பொட்டுக்கு எப்ப கொடுக்கிறது? நாங்க 4 மணித்தியாலம் போனாத் தானா மாறுற மாதிரி வச்சிருக்கம்.

நான் ஆள் “முடிந்தது” என்று அழுத்தினால் மட்டும் மாற்றுவேன். கூரியர்காரரின் பதிலுக்காக உங்கள் ஆள் 5 மணித்தியாலம் காத்திருந்தால், இடையில் பொட் வந்து “வணக்கம், எப்படி உதவலாம்?” என்று கேட்டுவிடும். ஆனால் அழுத்த மறந்தால் அந்த வாடிக்கையாளருக்கு யாருமே பதில் சொல்ல மாட்டார்கள் என்பதும் உண்மை. அதற்கு, நேரம் கடந்தால் அரட்டையை மாற்றாமல் உங்கள் ஆளுக்கு நினைவூட்டல் மட்டும் போகும்படி வைத்துப் பார்க்கலாம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் கடையில் அது சரிவருமா என்பதை நீங்கள் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.