வினாடி வினா வெற்றியைச் செய்திமடலில் எழுதும் முறை

கேள்வி: பள்ளிகளுக்கிடையேயான அறிவியல் வினாடி வினாவில் எங்கள் அணி முதலிடம் பெற்றிருக்கிறது. பள்ளிச் செய்திமடலுக்கு ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். வெற்றி பெற்றார்கள், வாழ்த்துகள் என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

அந்தப் போட்டியில் கேட்கப்பட்ட ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். பள்ளியில் அறிவியல் கற்பிப்பதோடு செய்திமடலையும் தொகுத்து வருகிறேன். பாராட்டுச் சொற்கள் நிறைந்த குறிப்புகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பதையும், ஒரு கேள்வியை முழுமையாகச் சொன்ன குறிப்பைப் பற்றி மாணவர்கள் வராந்தாவில் நின்று விவாதிக்கிறார்கள் என்பதையும் பலமுறை கண்டிருக்கிறேன். எந்தக் கேள்வியில் ஆட்டம் திரும்பியதோ அந்தக் கேள்வியே குறிப்பின் நடுநாயகம்.

அதற்கு முதலில் செய்ய வேண்டியது, போட்டி நடந்த அன்றோ மறுநாளோ அணியினரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பதுதான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் விடை நினைவிருக்கும், ஆனால் கேள்வியின் சொற்கள் மறந்திருக்கும். யார் முதலில் பஸரை அழுத்தினார்கள், கேள்வி முதலில் எந்த அணிக்குப் போனது, அப்போது பலகையில் மதிப்பெண் என்ன இருந்தது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை மட்டும் மாணவர்களின் நினைவை நம்பி எழுதக் கூடாது. சரியான விடைக்கு எத்தனை, தவறான விடைக்கு எத்தனை கழிக்கப்பட்டது என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது போட்டியை நடத்தியவர்களிடமே மதிப்பெண் தாளைக் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் அணி வென்ற ஒரு போட்டியை எடுத்துக்கொள்கிறேன். கடைசிச் சுற்று பஸர் சுற்று. சரியான விடைக்கு 10, தவறான விடைக்குக் கழிவு 5. அந்தச் சுற்று தொடங்கும்போது முன்னணியில் இருந்த அணிக்கு 80, எங்களுக்கு 65. கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவர்கள் 90, நாங்கள் 85. நான் முதலில் எழுதிய குறிப்பில் இந்த எண்கள் எதுவுமே இல்லை. "கடும் போட்டிக்கிடையே" என்று எழுதியிருந்தேன். கடும் போட்டி என்பது எல்லாப் பள்ளிகளின் எல்லாக் குறிப்புகளிலும் வரும் சொல். 90க்கு 85 என்று எழுதினால் அந்தச் சொல்லே வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வி இது: தன் அச்சில் ஒருமுறை சுழல எடுத்துக்கொள்ளும் காலம், சூரியனை ஒருமுறை சுற்றிவரும் காலத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது? மற்ற அணி முதலில் அழுத்தி "புதன்" என்றது. அது போகிற போக்கில் சொன்ன விடை அன்று. புதன் மெதுவாகச் சுழலும் கோள்தான். ஆனால் சுழல ஏறத்தாழ 59 நாட்களும், சூரியனைச் சுற்ற 88 நாட்களும் ஆகின்றன. சரியான விடை வெள்ளி: சுழல 243 நாட்கள், சுற்ற 225 நாட்கள். எங்கள் மாணவி தன் நோட்டில் எட்டுக் கோள்களுக்கும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவைத்திருந்தார். வெள்ளிக்கு மட்டும் முதல் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். அந்த நோட்டை என்னிடம் காட்டியபோதுதான் குறிப்பில் என்ன எழுதுவது என்பது எனக்குப் புலப்பட்டது.

ஆனால் அதை எழுதும்போது ஒரு பிழை செய்தேன். "வெள்ளியில் ஒரு நாள், ஓர் ஆண்டைவிட நீளமானது" என்று அச்சிட்டுவிட்டேன். கேட்பதற்கு நன்றாக இருக்கும் வாக்கியம். பல இடங்களில் அப்படியே எழுதப்படுவதும் உண்டு. மடல் வெளியான மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தாளோடு வந்தான். நாள் என்று நாம் சொல்வது ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை உள்ள காலம். வெள்ளி தான் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், சூரியன் நாம் நினைப்பதைவிட விரைவாகவே மீண்டும் உதிக்கும். கணக்கிட்டால் அந்த நாள் பூமியின் நாட்களில் ஏறத்தாழ 117தான் வருகிறது என்று காட்டினான். அவன் சொன்னது சரி. அடுத்த மடலில் திருத்தம் வெளியிட்டோம். வினாடி வினாவில் கேள்வி கேட்பவர் "சுழற்சிக் காலம்" என்று கவனமாகச் சொல்லியிருக்கும்போது, குறிப்பை எழுதுபவர் அழகுக்காக அதை "நாள்" என்று மாற்றினால், வெற்றி பெற்ற மாணவி தவறான விடை சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. ஆகவே கேள்வியைக் கேட்கப்பட்ட சொற்களிலேயே எழுதுங்கள். விடையின் விளக்கத்தை அந்தப் பாடத்தின் ஆசிரியரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

திருத்திய வடிவம் இப்படி இருந்தது. பெயர்களை மட்டும் இங்கே எடுத்துவிட்டேன்:

"பள்ளிகளுக்கிடையேயான அறிவியல் வினாடி வினாவில் நம் அணி 95 மதிப்பெண்களுடன் முதலிடம் பெற்றது. கடைசிக் கேள்வி கேட்கப்பட்டபோது நம் அணி 85 மதிப்பெண்களுடன் இரண்டாம் இடத்தில் இருந்தது. முன்னணி அணியிடம் 90 இருந்தது. தன் அச்சில் ஒருமுறை சுழல எடுத்துக்கொள்ளும் காலம், சூரியனை ஒருமுறை சுற்றிவரும் காலத்தைவிட அதிகமாக உள்ள கோள் எது என்பது கேள்வி. முதல் விடை தவறானதும் வாய்ப்பு நமக்கு வந்தது. பத்தாம் வகுப்பு மாணவி வெள்ளி என்று விடையளித்தார். வெள்ளி ஒருமுறை சுழல 243 நாட்களும், சூரியனைச் சுற்றிவர 225 நாட்களும் ஆகின்றன. கோள்களின் இந்த இரு காலங்களையும் அவர் தன் நோட்டில் அட்டவணையாக எழுதிவைத்திருந்தார். அணியின் மற்ற மூவரும் வேதியியல், உயிரியல், இயற்பியல் கேள்விகளுக்குப் பொறுப்பேற்றனர். இரண்டு மாதங்கள் மதிய இடைவேளைகளில் இவர்களுக்குப் பயிற்சிக் கேள்விகள் தயாரித்துத் தந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு."

தவறான விடை சொன்ன பள்ளியின் பெயரையும், அது என்ன விடை சொன்னது என்பதையும் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளும் இந்த மடலைப் பார்க்கக்கூடும். அவர்கள் தோற்ற கணத்தை நாம் அச்சிட வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்தில் பயிற்சிக் கேள்வி தயாரித்தவர்களைச் சேர்த்தது என் விருப்பம், ஆனால் அதை யாரும் விட்டுவிடக் கூடாது என்றே நினைக்கிறேன். மேடையில் நான்கு பேர்தான் அமர முடியும். மாற்று வீரராக அழைத்துச் செல்லப்பட்டு ஒரு கேள்விக்கும் வாய்ப்புக் கிடைக்காமல் பார்வையாளர் வரிசையில் இருந்த மாணவர் இருந்தால், அவர் பெயரையும் எழுதிவிடுங்கள்.

தலைப்பும் புகைப்படமும் நேரம் பிடிப்பவை அல்ல. தலைப்பில் போட்டியின் பெயரும் இடமும் இருந்தால் போதும். படத்தின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரின் பெயரிலும் முதலெழுத்தையும் எழுத்துக்கூட்டலையும் அவர்களிடமே ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.