கேள்வி–பதில்: ஒரே முகவரிக்கு இரு கருவிகள் மோதும்போது

இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை ஐ.பி. முகவரி மோதலைப் பற்றியவை. மழைக் காலத்து மின்தடைகளுக்குப் பின்னர் இத்தகைய கடிதங்கள் கூடுவது வழக்கம். அதற்கான காரணத்தைச் சுன்னாகத்து வாசகருக்கான பதிலில் விரிவாக எழுதியுள்ளேன்.

எனது மடிக்கணினிக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கணினிக்கும் 192.168.1.5 என்ற ஒரே முகவரி இருக்கிறது. இதனால் ஆபத்து உண்டா? (நல்லூர்)

இல்லை. உங்கள் ரவுட்டர் வேறு, அவருடைய ரவுட்டர் வேறு. ஒரே வலையமைப்புக்குள் இருக்கும் இரு கருவிகள் மட்டுமே முகவரிக்காக மோத முடியும்.

எங்கள் நகலகத்தில் உள்ள கணினியில் முகவரி மோதல் என்ற அறிவித்தல் அடிக்கடி தோன்றுகிறது. கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? (கொக்குவில்)

விட்டுவிடக் கூடாது. அணைத்துப் போடும்போது கணினி ரவுட்டரிடம் புதிதாக ஒரு முகவரியைக் கேட்டுப் பெறுகிறது, அல்லது எதிர்க்கருவி அவ்வேளையில் ஓய்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் மோதலின் வேர் அப்படியே கிடக்கும். அடுத்த முறை அறிவித்தல் வரும்போது கணினியை அணைக்காமல் `ipconfig /all` என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். முகவரிக்கு அருகே `Duplicate` என்று காட்டினாலோ, வழக்கமான முகவரிக்குப் பதிலாக 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தாலோ உங்கள் கணினி மோதலில் விட்டுக்கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 மட்டும் தோன்றி அறிவித்தல் எதுவும் இல்லையென்றால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்காத வேறொரு கோளாறாகவும் அது இருக்கலாம். Event Viewer இல் System பதிவேட்டைத் திறந்து 4199 என்ற எண்ணைத் தேடினால், மோதிய முகவரியும் எதிர்க்கருவியின் வன்பொருள் எண்ணான மாக் முகவரியும் அங்கே எழுதப்பட்டிருக்கும். அந்த மாக் முகவரிதான் குற்றவாளியின் அடையாளம். அதைக் குறித்துக்கொள்ளாமல் கணினியை அணைத்தால் கையில் இருந்த தடயத்தை நீங்களே மறைத்தவர் ஆவீர்கள்.

எங்கள் மருந்தகத்தில் பிரதான கணினியில் விற்பனைக் கணக்கு இருக்கிறது. இரண்டாவது மேசைக் கணினி அதனுடன் இணைந்து பற்றுச்சீட்டு எழுதுகிறது. சில நாட்களில் இரண்டாவது மேசை திடீரெனத் தொடர்பை இழக்கிறது, பின்னர் தானாக வருகிறது. மின்தடைக்குப் பிறகே பெரும்பாலும் இப்படி நடக்கிறது. வடத்தையும் சுவிச்சையும் மாற்றியும் பயனில்லை. (சுன்னாகம்)

இவ்வாசகர் அறிகுறிகளை நேரத்துடன் குறித்து, திரைப் படங்களையும் அனுப்பியிருந்தார். அதனால்தான் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடிகிறது. எல்லோரும் இப்படி எழுதினால் நன்று.

ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரையான முகவரிகளைத் தானாக வழங்கிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்புக் கமராக்களின் பதிவுப்பெட்டியோ 192.168.1.108 என்ற முகவரியில் நிலையாக நிற்கிறது. இது அப்பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கொண்டுவந்த முகவரி. பொருத்தியவர் அதை மாற்றவுமில்லை, எங்கும் எழுதிவைக்கவுமில்லை.

வழக்கமான நாட்களில் இது வெளிப்படாது. விண்டோஸ் கணினி, ரவுட்டர் தரும் முகவரியை ஏற்பதற்கு முன்னர் "இம்முகவரி யாரிடமாவது உண்டா" என்று வலையமைப்பில் கேட்டுப் பார்க்கும். பதிவுப்பெட்டி பதில் சொன்னால் அம்முகவரியை மறுத்து வேறொன்றைக் கேட்கும். மின்தடை முடிந்து எல்லாம் ஒன்றாக உயிர்பெறும்போதுதான் வரிசை குலைகிறது. ரவுட்டர் தான் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தது என்ற நினைவை இழந்துவிடுகிறது. ஊழியர்களின் கைத்தொலைபேசிகளும் ஏனைய கருவிகளும் முந்திக்கொண்டு 100 முதல் 107 வரையான எண்களை எடுத்துக்கொள்ள, பிரதான கணினிக்கு 108 வருகிறது. கணினி வழக்கம்போலக் கேட்டுப் பார்க்கிறது. ஆனால் பதிவுப்பெட்டி தனது வன்தட்டைச் சரிபார்த்துக்கொண்டு இன்னும் எழுந்து முடியவில்லை. பதில் வராததால் கணினி 108 ஐ நியாயமாகவே எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நிமிடங்களில் பதிவுப்பெட்டி எழுந்து, யாரையும் கேட்காமல் அதே முகவரியில் அமர்கிறது. முகவரி மோதலைக் கண்டறியும் நெறிமுறை 2008 ஆம் ஆண்டிலேயே RFC 5227 என வெளியானது. ஆனாலும் இத்தகைய பெட்டிகளும் மலிவான அச்சுப்பொறிகளும் பல வேளைகளில் அதைக் கடைப்பிடிப்பதில்லை.

தொடர்பு அறுந்தும் வந்தும் விளையாடுவது ஏன்? இரண்டாவது மேசைக் கணினி "108 யார்?" என்று கேட்டால் இருவரும் பதில் சொல்கிறார்கள். எவருடைய மாக் முகவரி நினைவில் பதிகிறதோ அவரிடமே அடுத்த சில பத்து விநாடிகளுக்குத் தகவல்கள் போகின்றன. பதிவுப்பெட்டியிடம் போனால் அதற்குப் பற்றுச்சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. இதனால்தான் வடத்தை மாற்றிய உடனே சரியானதுபோலத் தோன்றுகிறது, மறுபடி விழுகிறது. ஆளுக்கொரு பழுதைச் சந்தேகித்துப் பணத்தைச் செலவழிப்பதும் இதனால்தான்.

உறுதிசெய்யும் முறை எளியது. பிரதான கணினியின் வலையமைப்பு வடத்தைக் கழற்றிவிட்டு, இரண்டாவது கணினியில் நிர்வாகி உரிமையுடன் இவற்றை இட வேண்டும்:

```
arp -d *
ping 192.168.1.108
arp -a
```

கழற்றப்பட்ட கணினியின் முகவரி இன்னும் பதில் சொல்கிறது என்றால் அங்கே வேறொருவர் இருக்கிறார். `arp -a` காட்டும் மாக் முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்துக்கு உரியவை. வாசகரின் படத்தில் அவை கமரா நிறுவனம் ஒன்றுக்கு உரியவையாக இருந்தன. உலாவியில் அம்முகவரியைத் தட்டியபோது பதிவுப்பெட்டியின் நுழைவுப் பக்கமே திறந்தது. அதற்குமேல் சான்று தேவையில்லை.

தீர்வில் இரண்டு வேலைகள் உண்டு. ரவுட்டர் 100 முதல் 199 வரை தொடர்ந்து வழங்கட்டும். நிலையான முகவரி தேவைப்படும் கருவிகள் அனைத்தும் 100 க்குக் கீழே வரட்டும்: பிரதான கணினி 192.168.1.20, அச்சுப்பொறி 192.168.1.30, பதிவுப்பெட்டி 192.168.1.60. மூன்றிலும் வலை மறைப்பு 255.255.255.0 ஆகவும் நுழைவாயில் 192.168.1.1 ஆகவும் இருக்க வேண்டும். பதிவுப்பெட்டியின் எண்ணை மாற்றும்போது, வெளியிலிருந்து கமராவைப் பார்ப்பதற்கென ரவுட்டரில் துறை திறந்து வைத்திருந்தால் அதையும் புதிய எண்ணுக்கு மாற்றுங்கள். மறந்தால் கமரா பழுதென்று மறுநாள் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கருவிகளைப் பொருத்துவோருக்கும் இங்கே ஒரு சொல். தானாக வழங்கும் வீச்சுக்குள் நிலையான முகவரியை வைப்பது வேலையை அரைகுறையாக விட்டுப் போவதற்குச் சமம். பணம் வாங்கும் நாளில் எல்லாம் இயங்கும். ஆறு மாதத்துக்குப் பின் ஒரு மின்தடையில் அது குலையும்போது, வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்குப் பதில் சொல்வது கடைக்காரர். வீச்சுக்கு வெளியே ஒரு எண்ணைத் தேர்ந்து, அதை ஒரு துண்டில் எழுதி ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டிவிட்டுப் போக ஐந்து நிமிடம் ஆகாது. உரிமையாளர்களும் அத்துண்டைக் கேட்டு வாங்காமல் கூலியை முழுமையாகக் கொடுக்க வேண்டாம்.

மேல்மாடிக்கு வைபை போதவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை வடத்தால் இணைத்தோம். அதன் பின்னர் வீடு முழுவதும் இணையம் விட்டுவிட்டு வருகிறது. (மானிப்பாய்)

இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கின்றன. இரண்டும் முகவரிகளை வழங்கவும் செய்கின்றன. வெளியுலகுக்குப் போக வேண்டிய தகவல் சில வேளைகளில் வழியே இல்லாத பழைய ரவுட்டரிடம் போய் நின்றுவிடுகிறது. உலாவியில் அம்முகவரியைத் திறந்தால் ஒரு முறை ஒரு நுழைவுப் பக்கமும் மறுமுறை மற்றதும் வருவது இதன் தெளிவான அறிகுறி.

பழைய ரவுட்டரை வீட்டு வலையமைப்பிலிருந்து கழற்றி, ஒரு கணினியுடன் மட்டும் இணையுங்கள். முதலில் அதன் LAN முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமித்து, புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, அதன் பிறகே முகவரிகளை வழங்கும் DHCP Server ஐ நிறுத்துங்கள். இவ்வரிசையை மாற்றிச் செய்தால் கணினிக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்க நேரிடும். பின்னர் LAN துளையிலிருந்து LAN துளைக்கு வடத்தைக் கொடுங்கள். WAN துளைக்கு அல்ல. பிரதான ரவுட்டரின் வழங்கும் வீச்சு 2 இலிருந்து தொடங்கினால் அதை 100 க்கு உயர்த்துங்கள். நிலையான முகவரி வீச்சுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை இங்கும் சொல்கிறேன்.

நெட்வேர்க் வேலை செய்யவில்லை. முகவரிப் பிரச்சினை என்கிறார்கள். உடனடியாகத் தீர்வு தரவும். (பருத்தித்துறை)

எந்தக் கருவி, எந்த முகவரி, திரையில் என்ன எழுதியிருந்தது, எப்போது நடக்கிறது என்ற நான்கில் ஒன்றையும் எழுதாமல் தீர்வு கேட்பது முறையன்று. கொக்குவில் வாசகருக்குச் சொன்னவற்றைச் செய்து, கிடைப்பதை எழுதியனுப்புங்கள்.

ஒரே நிறுவனத்தின் நான்கு புதிய கமராக்களைச் சுவிச்சில் மாட்டினோம். ஒன்று மட்டுமே தெரிகிறது. மற்ற மூன்றும் பழுதா? (சாவகச்சேரி)

பழுதாக இருக்க வாய்ப்பில்லை. நான்கும் ஒரே தொழிற்சாலை முகவரியோடு வந்திருக்கும். மூன்றைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி, அதற்கென ஒரு முகவரியைக் கொடுத்த பின்னரே அடுத்ததை மாட்டுங்கள்.

ஒரு முகவரியைக் கையால் இடுவதற்கு முன்னர், அது வெறுமையாக உள்ளதா என்று எப்படி அறிவது? பிங் செய்து பதில் வராவிட்டால் போதுமா? (அச்சுவேலி)

போதாது. விண்டோஸின் தீச்சுவர் பல வேளைகளில் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆனால் "இம்முகவரி யாருடையது" என்ற ஏ.ஆர்.பி. கேள்விக்கு எல்லாக் கருவியும் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே பிங் செய்த கையோடு `arp -a` இட்டுப் பாருங்கள். பிங் தோற்றும் அம்முகவரிக்கு எதிரே மாக் முகவரி ஒன்று தோன்றினால் அங்கே ஆள் உண்டு. லினக்ஸ் வைத்திருப்போர் நேரடியாகவே கேட்கலாம். `eth0` என்ற இடத்தில் தங்கள் இடைமுகத்தின் பெயரை இட வேண்டும்:

```
sudo arping -D -I eth0 -c 3 192.168.1.30
```

ஒரு பதிலும் வராவிட்டால் அவ்வேளையில் அம்முகவரியில் எவருமில்லை. அவ்வேளையில் என்பதைக் கவனியுங்கள். அணைக்கப்பட்டிருக்கும் அச்சுப்பொறியும் வார இறுதியில் மட்டும் வரும் மடிக்கணினியும் எச்சோதனைக்கும் பதில் சொல்லா. அவற்றின் முகவரிகளை ரவுட்டரில் ஒட்டிய துண்டில் மட்டுமே பார்க்க முடியும்.